என்பிஎஸ்: 50 ஆயிரம் கழிவு யாருக்கு, 14 சதவீதம் யாருக்கு? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு, சொந்தத் தொழில் செய்பவருக்கு வேறு கணக்கு!

"என்பிஎஸ்ல 50 ஆயிரம் போட்டா தனியா வரிச் சலுகை கிடைக்கும்." பல வருஷமாக ஆபீஸ் கேன்டீனிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிவரும் வாசகம் இது. தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த 50 ஆயிரத்தால் ஒரு ரூபாய்கூட வரி குறையாது. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அந்தப் பணத்தை அவர்கள் போடக்கூடாது, கம்பெனி போடணும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வருஷத்துக்கு 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரி கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கீழே வரும் எல்லாக் கணக்கும் 2025-26 நிதியாண்டுக்கானது.

முதலில், மூன்று தனித்தனிப் பெட்டிகள்

தேசிய ஓய்வூதியத் திட்டம் எனும் என்பிஎஸ், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது (ராணுவத்தினர் இதில் இல்லை). 2009 மே 1 முதல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. மத்திய அரசு அறிவிக்கை செய்த ஓய்வூதியத் திட்டம் என்பதால், இதில் போடும் பணத்துக்கு வருமான வரிச் சட்டம் 1961-ன் 80CCD பிரிவில் கழிவு உண்டு. அந்தக் கழிவு மூன்று பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறது. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் பெட்டி 80CCD(1). இது உங்கள் கையிலிருந்து நீங்கள் போடும் பணம். சம்பளக்காரர் என்றால் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் வரை. சொந்தத் தொழில் என்றால் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் வரை. ஆனால் எல்ஐசி, பிஎஃப், பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் எல்லாம் வரும் அதே 1.5 லட்சம் உச்சவரம்புக்குள் இதுவும் அடங்கும்.

இரண்டாவது பெட்டி 80CCD(1B). இதுவும் உங்கள் பணம்தான். 1.5 லட்சத்துக்கு மேலே கூடுதலாக 50 ஆயிரம். 2015 பட்ஜெட்டில் வந்த சலுகை. எல்லாருக்கும் தெரிந்தது இதுதான்.

மூன்றாவது பெட்டி 80CCD(2). இது நிறுவனம் உங்கள் என்பிஎஸ் கணக்கில் போடும் பணம். 1.5 லட்சம் உச்சவரம்பு இதற்குக் கிடையாது, 50 ஆயிரம் வரம்பும் கிடையாது. அடிப்படைச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் ஒரே அளவு.

இப்போது முக்கியமான விஷயம். முதல் இரண்டு பெட்டிகளும் பழைய வரி முறையில் மட்டுமே திறக்கும். மூன்றாவது மட்டும் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் திறக்கும். அதுமட்டுமல்ல, 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய முறையில் இருக்கும் தனியார் ஊழியர்களுக்கு இந்த வரம்பு 10-லிருந்து 14 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பழைய முறையில் தொடரும் தனியார் ஊழியருக்கு இன்னும் 10 சதவீதம்தான்.

இந்த மாற்றத்தால் கவனிக்கப்படாமல் பயன்பெற்றவர்கள் பொதுத்துறை வங்கி ஊழியர்கள். என்பிஎஸ்-ல் இருப்பவர்களுக்கு வங்கி 14 சதவீதம் போடுகிறது. ஆனால் 14 சதவீதக் கழிவு மத்திய, மாநில அரசு ஊழியருக்கு மட்டும் என்று சட்டம் இருந்ததால், அடையாறில் வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவருக்கு 10 சதவீதத்துக்குத்தான் கழிவு, மீதி 4 சதவீதத்துக்கு வரி. புதிய முறைக்கு மாறியிருந்தால் அந்தப் பிரச்சினை இப்போது இல்லை.

தி.நகர் ஊழியர் ஒருவரின் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். தி.நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை. பிஎஃப், கிராஜுட்டி தவிர்த்து வருஷச் சம்பளம் 13,60,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் மாசம் 60 ஆயிரம், அதாவது வருஷத்துக்கு 7,20,000. அகவிலைப்படி இல்லை. புதிய வரி முறை. வேறு வருமானம் எதுவும் இல்லை.

என்பிஎஸ் இல்லாவிட்டால்: 13,60,000-ல் நிலையான கழிவு 75,000 போக மீதி 12,85,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் முழு வரித் தள்ளுபடி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், அது 40,000. மீதி 85,000-க்கு 15 சதவீதம், அது 12,750. கூட்டினால் 72,750. அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து கட்ட வேண்டிய வரி 75,660 ரூபாய்.

இப்போது இவர் ஹெச்ஆரிடம் சொல்லி, சிறப்புப் படியாக வரும் தொகையில் ஒரு பகுதியை நிறுவனத்தின் என்பிஎஸ் பங்களிப்பாக மாற்றச் சொல்கிறார். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் என்றால் மாசம் 8,400, வருஷத்துக்கு 1,00,800. நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு இல்லை. சிடிசி அதேதான், பிரித்துப் போடும் விதம்தான் மாறுகிறது.

12,85,000-ல் 1,00,800 கழித்தால் 11,84,200. 12 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. 87A தள்ளுபடி முழுசாகக் கிடைக்கும். வரி பூஜ்ஜியம்.

கையில் வரும் சம்பளம் என்னாகும்? 1,00,800 குறையும், ஆனால் வரியாகப் போயிருக்கும் 75,660 மிச்சம். ஆக, உண்மையில் குறைவது வருஷத்துக்கு 25,140 ரூபாய். மாசத்துக்கு சுமார் 2,100. அதற்குப் பதிலாக ஓய்வூதியக் கணக்கில் 1,00,800 சேர்ந்திருக்கும்.

"நான் மயிலாப்பூர்ல வாடகைக்கு இருக்கேன், ஹெச்ஆர்ஏ காட்டினா பழைய முறைதானே லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சம்பளத்துக்கு இல்லை. இங்கே வரியே பூஜ்ஜியம். அதற்குக் கீழே எந்த முறையாலும் போக முடியாது.

ஒன்றைக் கவனிக்கணும். 12 லட்சத்துக்கும் இவரது வருமானத்துக்கும் இடையே இருப்பது 15,800 ரூபாய்தான். வங்கி டெபாசிட் வட்டி 20 ஆயிரம் வந்தால் வருமானம் 12,04,200 ஆகி எல்லையைத் தாண்டும். பயப்பட வேண்டாம். எல்லையைச் சற்றே தாண்டுபவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று சட்டத்தில் நிவாரணம் இருக்கிறது. அதனால் வரி 60 ஆயிரம் ஆகாது. 4,200-ம் செஸ்ஸும் சேர்த்து 4,368 ரூபாயோடு நின்றுவிடும்.

இந்த அளவு லாபம் எல்லாருக்கும் வராது. 12 லட்சத்தை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான் இப்படி மொத்த வரியும் காலியாகும். 25 லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்குபவர் 30 சதவீத அடுக்கில் இருந்தால், போடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் செஸ் சேர்த்து 31,200 ரூபாய் மிச்சம். அதுவும் சின்னத் தொகை இல்லை. ரொம்பப் பெரிய சம்பளக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வேலி: பிஎஃப், என்பிஎஸ், சூப்பர் ஆனுவேஷன் மூன்றிலும் நிறுவனம் போடுவது வருஷத்துக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வரி உண்டு.

நானே போட்டால் என்ன?

இதுதான் அதிகம் பேர் சறுக்கும் இடம். "கம்பெனி போட்டா என்ன, நான் போட்டா என்ன, என் சம்பளம்தானே?" என்று மொபைல் ஆப்பில் தானே 1,00,800 கட்டிவிட்டு, ரிட்டர்னில் 80CCD(2) கட்டத்தில் அந்தத் தொகையை எழுதுகிறார்கள். செல்லாது. பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து, நிறுவனத்தின் பங்களிப்பாகவே போயிருக்கணும்.

அதற்கு நிறுவனம் என்பிஎஸ்-ன் கார்ப்பரேட் பிரிவில் பதிவு செய்திருக்கணும். பதிவு செய்த நிறுவனம், ஊழியர் ஒரு பைசா போடாவிட்டாலும் தன் பங்கை மட்டும் போடலாம். உங்களிடம் ஏற்கெனவே தனிநபராகத் தொடங்கிய என்பிஎஸ் கணக்கு இருந்தால் புதுசாக இன்னொன்று தொடங்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு பிரான் எண்தான். அதே எண்ணை கார்ப்பரேட் பிரிவுக்கு மாற்ற ஹெச்ஆர் மூலம் விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

பணம் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, என்பிஎஸ் கணக்கின் பரிவர்த்தனை அறிக்கை. அதில் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு என்று தனித்தனி பத்திகள் இருக்கும். 8,400 நிறுவனப் பத்தியில் விழணும். ஊழியர் பத்தியில் விழுந்திருந்தால், ஹெச்ஆர் உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அது முதல் பெட்டிக் கணக்கு, புதிய முறையில் பயன் இல்லை. கணக்கு டயர் 1 ஆகவும் இருக்கணும். டயர் 2-ல் போடும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது.

இன்னொன்று ஃபார்ம் 16. சட்டப்படி நிறுவனம் போடும் பங்கு முதலில் உங்கள் சம்பளமாகவே சேர்க்கப்படும், பிறகு 80CCD(2)-ல் கழிக்கப்படும். நம் உதாரணத்தில் 17(1) பிரிவில் காட்டும் சம்பளம் 13,60,000 என்றே இருக்கணும், 12,59,200 என்று இருக்கக் கூடாது. 12,59,200 என்று குறைத்துக் காட்டிவிட்டு, கீழே மறுபடியும் 1,00,800 கழித்திருந்தால் ஒரே தொகை இரண்டு முறை கழிகிறது. அப்போது ரீஃபண்ட் கூடுதலாக வருவது போலத் தெரியும். சந்தோஷப்பட வேண்டாம், நோட்டீஸும் பின்னாலேயே வரும். தலைகீழாக, சம்பளத்தில் சேர்த்துவிட்டு கழிக்க மறந்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு. இரண்டுமே ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் அக்கவுன்ட்ஸில் சொல்லித் திருத்த வேண்டியவை.

பெரும்பாலான அலுவலகங்களில் சம்பளப் பிரிவினையை ஏப்ரலில்தான் மாற்ற விடுவார்கள். மார்ச் கடைசியில் போய் நின்றால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்ற பதில்தான் வரும்.

மயிலாப்பூர் டாக்டருக்கு ஏன் இது கிடைக்காது?

இப்போது மறுபக்கம். மயிலாப்பூரில் சொந்த கிளினிக், தவிர அடையாறில் ஒரு மருத்துவமனையில் கன்சல்டன்ட். செலவெல்லாம் போக வருஷ வருமானம் 14 லட்சம். இவருக்கு 80CCD(2) கிடையாது. காரணம் ரொம்ப எளிது: இவருக்கு முதலாளி இல்லை. மருத்துவமனை கொடுப்பது சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். உங்களுக்கு எது என்று சந்தேகமா? வருஷக் கடைசியில் கைக்கு வருவது ஃபார்ம் 16 என்றால் சம்பளம்; ஃபார்ம் 16A என்றால் கட்டணம். வக்கீல், ஆடிட்டர், ஃப்ரீலான்ஸ் டிசைனர், பாட்டு டீச்சர் எல்லாருக்கும் இதே நிலைதான். பார்ட்னர்ஷிப்பில் பங்குதாரர் வாங்கும் மாதத் தொகையும் சட்டப்படி தொழில் வருமானம், சம்பளம் அல்ல. பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்து, அதில் ஊழியராகச் சம்பளம் வாங்கும் டைரக்டருக்கு மட்டும் கம்பெனி முதலாளி ஆகிறது.

ஆக டாக்டருக்கு மிச்சம் இருப்பது முதல் இரண்டு பெட்டிகள். அதில் "சொந்தத் தொழிலுக்கு 20 சதவீதம்" என்று கேட்டதும், 14 லட்சத்தில் 20 சதவீதம் 2,80,000 கழிக்கலாம் என்று நினைப்பார்கள். முடியாது. 20 சதவீதம் ஒரு வரம்பு, 1.5 லட்சம் அதற்கு மேலே இன்னொரு வரம்பு. எது குறைவோ அதுதான். எனவே முதல் பெட்டியில் அதிகபட்சம் 1.5 லட்சம், இரண்டாவதில் 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம். 20 சதவீத விதி உதவுவது வருமானம் குறைவாக இருப்பவருக்குத்தான். 5 லட்சம் வருமானம் உள்ளவர் முதல் பெட்டியில் 1 லட்சம் வரை காட்டலாம்.

இந்த 2 லட்சமும் பழைய முறைக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். அதற்காகப் பழைய முறைக்குப் போனால் லாபமா? போட்டுப் பார்ப்போம். புதிய முறையில் 14 லட்சத்துக்கு வரி 90,000, செஸ்ஸோடு 93,600. பழைய முறையில் 1.5 லட்சம், 50 ஆயிரம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25 ஆயிரம் எல்லாம் கழித்தால் வருமானம் 11,75,000. வரி 1,65,000, செஸ்ஸோடு 1,71,600. எல்லாக் கழிவும் வாங்கிய பிறகும் பழைய முறையில் 78 ஆயிரம் ரூபாய் கூடுதல். 50 ஆயிரம் போட்டதால் பழைய முறைக்குள் 15,600 மிச்சமானது உண்மை. ஆனால் அதைப் பிடிக்கப் போய் 78 ஆயிரத்தை விட்டதுதான் கணக்கு.

வீட்டுக் கடன் வட்டி போல இன்னும் பெரிய கழிவுகள் இருப்பவருக்குப் பழைய முறை சரிப்படலாம். ஆனால் தொழில் வருமானம் உள்ளவர் சம்பளக்காரர் மாதிரி வருஷா வருஷம் மாறி மாறித் தேர்வு செய்ய முடியாது. பழைய முறை வேண்டும் என்றால் ரிட்டர்ன் கெடு தேதிக்குள் படிவம் 10-IEA தாக்கல் செய்யணும். பிறகு ஒரு முறை புதிய முறைக்குத் திரும்பினால், அந்தத் தொழில் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. ஏஜென்ட் "50 ஆயிரம் எக்ஸ்ட்ரா சேவிங்ஸ் மேடம்" என்று வந்து நின்றால், "நான் எந்த வரி முறை?" என்பதை முதலில் பார்த்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஒரே 14 லட்சம். சம்பளமாக வந்தால் 75 ஆயிரம் நிலையான கழிவும், நிறுவனம் வழியாக என்பிஎஸ் கழிவும் உண்டு. கட்டணமாக வந்தால் புதிய முறையில் இரண்டுமே இல்லை. டாக்டருக்கு செலவுகளைக் கழிக்கும் உரிமை இருக்கிறதே என்று வாதம் சொல்லலாம். ஆனால் ஓய்வுக்காலம் என்பது அவருக்கும் வரும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய சட்டத்தில் இப்போதைக்கு வழி இல்லை.

பணம் எப்போது கைக்கு வரும்?

வரி மிச்சம் என்று கேட்டதும் உடனே ஹெச்ஆருக்கு மெயில் போடும் முன் ஒரு விஷயம். டயர் 1 பணம் ஓய்வுக்காலத்துக்கானது. நடுவில் வீடு வாங்க, பிள்ளை படிப்பு, கல்யாணம், பெரிய நோய் போன்ற சில காரணங்களுக்கு, சேர்ந்து 3 வருஷம் ஆன பிறகு ஒரு பகுதி எடுக்கலாம். ஆனால் அது நீங்கள் போட்ட பணத்தில் 25 சதவீதம் வரைதான். நிறுவனம் போட்ட பணம் இந்தக் கணக்கில் வராது. நம் தி.நகர் ஊழியருக்கு முழுத் தொகையும் நிறுவனப் பங்கு என்பதால், நடுவில் எடுக்க அவருக்கு ஒன்றுமே இருக்காது. 2 வருஷத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் திட்டம் இருப்பவர் 14 சதவீதம் முழுசாகப் போடாமல், வருமானத்தை 12 லட்சத்துக்குக் கீழே கொண்டுவரத் தேவையான அளவு மட்டும் போடலாம். இவருக்கு அது 85,000. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் என்று வைத்தால் 86,400, வேலை முடிந்தது. 14 சதவீதம் என்பது உச்சவரம்பு, கட்டாயம் அல்ல. எத்தனை சதவீதம் என்று தேர்வு செய்ய உங்கள் நிறுவனம் விடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

60 வயதில் எடுக்கும்போதும் ஒரு நுணுக்கம். அரசு ஊழியர் அல்லாதவர்கள் 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம், 20 சதவீதத்துக்கு மாத ஓய்வூதியம் வாங்கினால் போதும் என்று ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் 2025 டிசம்பரில் விதியைத் தளர்த்தியது. ஆனால் 1961 சட்டத்தின் 10(12A) பிரிவில் வரிவிலக்கு 60 சதவீதத்துக்குத்தான். எடுக்க அனுமதி வேறு, வரிவிலக்கு வேறு. மாத ஓய்வூதியமாக வரும் தொகைக்கும் அந்தந்த வருஷ அடுக்குப்படி வரி உண்டு.

வருமான வரிச் சட்டம் 2025 அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1. அதன் பிறகான வருமானத்துக்கு இந்தப் பிரிவு எண்கள் மாறும். 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்னில் மட்டும் 80CCD(2) என்ற பழைய பெயரிலேயே கட்டத்தைத் தேடுங்கள்.